ஹெஸ்ஸியன் அணிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

ராணிப்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர்களுக்காக ஆழ்கற்றல் குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். சாய்வு, சாய்விறக்கம் வரை சிக்கல் வரவில்லை. ஹெஸ்ஸியனில் வந்து நிற்கிறேன். ஜெர்மானியக் கணிதர் லுட்விக் ஓட்டோ ஹெஸ்ஸேயின் பெயரால் வழங்குவது அது. பெயரைக் கேட்டு மாணவருக்கு எதுவும் விளங்காது. ஒவ்வொரு திசையிலும் நகரும்போது சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் அந்த அணி சொல்கிறது. அதனால் ‘வளைவு அணி’ என்றும், அதை வைத்து இயங்கும் முறைகளை ‘வளைவுசார் உகப்பாக்கம்’ என்றும் சொல்லலாமா?

குறிப்பில் தரப்போகும் எடுத்துக்காட்டு இது: f = 50x² + 0.5y². x திசையில் வளைவு 100, y திசையில் 1. கற்றல் வீதம் 0.02ஐத் தாண்டினால் x திசையில் சிதறிப்போகும். 0.01 வைத்தால் x ஒரே அடியில் சுழியாகிவிடும். ஆனால் y அடிக்கு ஒரு விழுக்காடுதான் குறையும். நூறில் ஒரு பங்காகச் சுருங்க ஏறக்குறைய 460 அடிகள் ஆகும். நியூட்டன் முறையோ ஒவ்வொரு திசையின் சாய்வையும் அதனதன் வளைவால் வகுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே அடியில் சேர்ந்துவிடும்.

சத்துவாச்சாரி:

தம்பி, நல்ல முயற்சி. முதலில் ஓர் எச்சரிக்கை: ‘இருபடி உகப்பாக்கம்’ என்று எழுதும் வழக்கம் பரவுகிறது, அதைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இருபடி என்றால் x². இங்கே பேசுவது இரண்டாம் வகைக்கெழுவை. மேல்நிலைப் பாடநூலில் படி வேறு, வரிசை வேறு. எனவே ‘இரண்டாம் வரிசை உகப்பாக்கம்’ என்பதுதான் முறை. ஆனால் அதே சொல்லை அணியோடு ஒட்டினால் வம்பு. ‘இரண்டாம் வரிசை அணி’ என்று எழுதினால் 2×2 அணி என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள்.

ஆற்காடு:

சார், ‘வளைவுசார்’ என்ற பெயருக்கு என் ஓட்டு. அப்போது ஆடம் முறையும் அந்தப் பட்டியலில் வந்துவிடும், அதுவும் வளைவால்தானே வகுக்கிறது? இன்னொன்று, இந்த முறையை யாரும் பயன்படுத்தாததற்கு ஒரே காரணம் நினைவகம். கையால் எழுதிய இலக்கங்களை அடையாளம் காணும் சின்ன வலையமைப்பு, 784 உள்ளீடு, நடுவில் 100, வெளியீடு 10. மொத்தம் 79,510 எடைகள். அவற்றைச் சேமிக்க ஒரு எம்பியில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆனால் ஹெஸ்ஸியனில் 632 கோடி உறுப்புகள். உறுப்புக்கு 4 பைட் வைத்தால் 25 ஜிபி. பெரிய ஜிபியு வந்துவிட்டால் எல்லோரும் நியூட்டனுக்கு மாறிவிடுவார்கள்.

காட்பாடி:

ஆற்காட்டுத் தம்பி, 25 ஜிபி கணக்கு சரி. சமச்சீர் அணி என்பதால் பாதியை வைத்தாலே போதும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நினைவகம் மட்டும் காரணமாக இருந்தால் பிரச்சினை 1994லேயே பாதி தீர்ந்திருக்கும். அணியைக் கட்டாமலேயே அதை ஒரு திசையனோடு பெருக்கிய விடையை எடுக்கலாம் என்று பேர்ல்மட்டர் அந்த ஆண்டில் காட்டினார். சாய்வைக் கணக்கிடும் செலவைப்போல ஓரிரு மடங்குதான் அதற்கு ஆகும். அதை வைத்து மார்ட்டென்ஸ் 2010இல் ஆழ்ந்த வலையமைப்புகளைப் பயிற்றியும் காட்டினார். அப்படியும் அது அன்றாட வழக்கமாகவில்லை.

ஏனென்று பார்க்க f = x² − y² என்பதை எடுங்கள். (1, 0.5)இல் நிற்கிறோம். சாய்வு (2, −1). வளைவு x திசையில் 2, y திசையில் −2. நியூட்டன் சாய்வை வளைவால் வகுத்துக் கழிக்கும்: x = 1 − 1 = 0, y = 0.5 − 0.5 = 0. அதாவது நேராகச் சேணப் புள்ளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சாய்வு சுழி, அதற்குமேல் நகராது. சாதாரணச் சாய்விறக்கம் 0.1 வீதத்தில் x = 0.8, y = 0.6 என்று போகும். y திசையில் இறக்கத்தைப் பிடித்து விலகிவிடும். ஆழ்கற்றலின் இழப்புப் பரப்பில் இப்படிப்பட்ட புள்ளிகள் ஏராளம். எதிர்மறை வளைவின் குறியை மாற்றி வகுக்கும் திருத்தம் 2014இல் வந்தது. அதற்கும் ஐகன் மதிப்புகளைத் தேட வேண்டும், செலவு கூடும்.

அடுத்தது இரைச்சல். பயிற்சியில் நாம் பார்ப்பது முழுத் தரவை அல்ல, 64 படங்கள் கொண்ட ஒரு சிறு தொகுதியை. ஒரு திசையின் உண்மை வளைவு 0.01 என்றும், அந்தத் தொகுதி அதை 0.001 என்று காட்டுகிறது என்றும் வையுங்கள். வகுக்கும்போது அடி பத்து மடங்கு நீண்டுவிடும். சாய்வில் வரும் பிழை சராசரியில் அடங்கும். வகுக்கும் எண்ணில் வரும் பிழை அப்படி அடங்காது.

ஆடம் பற்றி: அது வகுப்பது வளைவால் அல்ல, சாய்வின் இருமடியை நகரும் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலத்தால். ராணிப்பேட்டை எடுத்துக்காட்டிலேயே x = 1, y = 1000 என்று நின்று பாருங்கள். x சாய்வு 100, y சாய்வு 1000. வளைவு குறைந்த திசையில்தான் சாய்வு பெரிது! சாய்வு நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது; இந்தச் சார்பில் வளைவு எங்கே நின்றாலும் அதேதான். ஆகவே என்ன பெயர் வைத்தாலும் ஆடத்தை அதற்குள் சேர்க்காதீர்கள்.

ஆம்பூர்:

நான் கணிதக்காரன் இல்லை, தோல் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்ட தோலின் படத்தைப் பார்த்து கீறல், உண்ணித் தழும்பு, கத்திவெட்டு, குறையில்லாதது என்று நான்காகப் பிரிக்க ஒரு மாதிரி வைத்திருக்கிறோம். ரெஸ்நெட்-50ஐ அப்படியே விட்டுவிட்டுக் கடைசி அடுக்கை மட்டும் பயிற்றுகிறோம். இழப்பு ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. இந்த ஹெஸ்ஸியனைப் போட்டால் இறங்குமா?

காட்பாடி:

அண்ணா, பெயரைப் பற்றிய இழையில் கேட்டாலும் கேட்டது நல்ல கேள்வி. இரண்டாம் வரிசை முறை பொருந்தும் அரிய இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். கடைசி அடுக்குக்கு வரும் கூறுகள் 2048, வகைகள் 4. சார்பு எண்களையும் சேர்த்து 8,196 எடைகள். முழு ஹெஸ்ஸியனே 270 எம்பிதான். கீழ் அடுக்குகள் உறைந்திருப்பதால் இழப்புப் பரப்பு குவிந்தது, சேணப் புள்ளி கிடையாது. எல்லாப் படங்களின் கூறுகளையும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் சிறு தொகுதி இரைச்சலும் இல்லை. கூறுகளைத் தரப்படுத்திவிட்டு, முந்தைய சாய்வுகளிலிருந்து வளைவைக் கணிக்கும் எல்-பிஎஃப்ஜிஎஸ் முறையை scikit-learn நூலகத்தில் ஓட்டுங்கள்:

```
LogisticRegression(solver="lbfgs", C=1.0, max_iter=500)
```

C வழியாக வரும் சிறு ஒழுங்குபடுத்தலை விடாதீர்கள். நான்கு வகைகளின் மதிப்பெண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் விடை மாறாது, அந்தத் திசைகளில் வளைவு சுழி. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அதே ஒழுங்குபடுத்தல் இருக்கட்டும். பழைய இழப்புக்கே இதுவும் வந்து நின்றால் குறை உகப்பாக்கத்தில் இல்லை, அந்தக் கூறுகளின் எல்லையே அவ்வளவுதான். கீழே இறங்கினால் உங்கள் சாய்விறக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

சத்துவாச்சாரி:

அம்மா விளக்கியது அருமை. ஆனால் ‘வளைவு அணி’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை. வடிவியலில் வளைவு என்பது இரண்டாம் வகைக்கெழு மட்டுமல்ல, அதை (1 + சாய்வின் இருமடி) என்பதன் 3/2 அடுக்கால் வகுக்க வேண்டும். சாய்வு சுழியாகும் இடத்தில்தான் இரண்டும் ஒன்று. அணிக்கு ‘ஹெஸ்ஸே அணி’ என்றே இருக்கட்டும். சேணப் புள்ளிக்கு மாற்றாக ஒன்று சொல்கிறேன்: ஜவ்வாது மலைப்பக்கம் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஏறி அந்தப்பக்கம் இறங்கும் இடத்தைக் கணவாய் என்போம். ‘கணவாய்ப் புள்ளி’ என்றால் சேணம் பார்த்திராத பிள்ளைக்கும் விளங்கும்.

ராணிப்பேட்டை:

கணவாய்ப் புள்ளியை எடுத்துக்கொள்கிறேன் ஐயா. அணிக்கு ‘ஹெஸ்ஸே அணி’ என்று எழுதி, ‘இரண்டாம் வகைக்கெழு அணி’ என்று ஒருமுறை விளக்கம் தருகிறேன். முறையின் பெயரில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘வளைவுசார்’ என்றால் ஆடம் உள்ளே நுழைகிறது என்பதை இப்போதே பார்த்துவிட்டோம். ‘இரண்டாம் வரிசை’ என்றாலோ, ஹெஸ்ஸே அணியைத் தோராயமாக மட்டும் கணிக்கும் எல்-பிஎஃப்ஜிஎஸ்ஸை அதில் சேர்ப்பதா, வேண்டாமா?