குரோஷே ஊசிக்குத் தமிழ்ச் சொல்: படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
கைவேலைக் கருவிகளின் படம் ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர்கள் எழுத வேண்டும். படத்தில் ஒரு வட்டமும் மூன்று குச்சிகளும் இருக்கின்றன. வட்டத்தில் சிக்கல் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், வெளி வளையத்தில் திருகு. 'துணி வளையம்' போதும். கொக்கி உள்ள குட்டைக் குச்சியைக் 'கொக்கியூசி' என்றும், குமிழ் வைத்த நீளக் குச்சிகள் இரண்டையும் 'பின்னலூசி' என்றும் எழுதலாமா?

கடலூர் முதுநகர்:
எங்கள் துறைமுகப் பக்கம் பின்னலூசி என்றால் வலை பின்னும் ஊசி என்றுதான் நினைப்பார்கள். அது தட்டையாக, நடுவில் நாக்கோடு இருக்கும். அதில் நூலைச் சுற்றி வைப்பார்கள். ஸ்வெட்டர் ஊசி எப்போதும் ஜோடிதானே? 'இணையூசி' என்று வையுங்கள்.

முத்தியால்பேட்டை:
ஆரி ஊசியிலும் கொக்கி உண்டே! அதை என்ன செய்வது? அப்படியே இதையும் சொல்லுங்கள்: பிளவுஸ் கழுத்துக்கு எத்தனை இஞ்ச் ரிங் வாங்கலாம்? என் 6 இஞ்சில் பாதிக் கழுத்துதான் அடங்குகிறது.

திருப்பாதிரிப்புலியூர்:
அக்கா, முழுக் கழுத்துக்கு ரிங் சரிவராது, கட்டில் பிரேம்தான். ஆரி ஊசி துணியைக் குத்தி இறங்க வேண்டும், அதனால் முனை கூர்மை. குரோஷே ஊசி நூல் கண்ணிக்குள் நுழைந்தால் போதும், அதனால் முனை உருண்டை. 'உருள்முனைக் கொக்கியூசி' என்றால் குழப்பம் தீரும், ஆனால் வாயில் நிற்காது.

முதுநகர் அண்ணா, எப்போதும் ஜோடி இல்லை. காலுறை பின்ன இருமுனையும் கூரான ஊசிகள் நான்கோ ஐந்தோ சேர்ந்து வரும்.

நீளக் குச்சிகள் இரண்டையும் ஜோடி என்று எடுத்ததுதான் தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்று நுனிவரை சீராகக் கூராகிறது, அது பின்னலூசி. மற்றதில் நுனிக்குக் கீழே கழுத்துபோல ஒடுங்கி, மறுபடி பருக்கிறது. அது துனிசியக் குரோஷே ஊசி. வரிசைக் கண்ணிகள் எல்லாம் அதன் மேலேயே நிற்பதால் நீளம், நழுவாமலிருக்கக் குமிழ். கொக்கி வாய் கீழ்நோக்கிக் கிடப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியவில்லை.

லாஸ்பேட்டை:
அந்தத் துனிசிய ஊசியின் குமிழில் 8 என்று இருக்கிறதே, 8 மி.மீ.தானே?

திருப்பாதிரிப்புலியூர்:
இல்லை. 8 மி.மீ. என்றால் பென்சிலைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். இது பென்சிலைவிட மெலிது. பழைய பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். 4-ஆ 5-ஆ என்று படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. தண்டின் மேல் ஸ்கேலை ஒட்டி வைத்து எடுங்கள். கழுத்தை அளக்காதீர்கள், குறைத்துக் காட்டும். குட்டை ஊசியில் எண் நடுவே கட்டைவிரல் படும் தட்டையான இடத்தில் இருக்கும், அதையும் திருப்பி வையுங்கள்.

கடலூர் முதுநகர்:
சரி, இணையூசி வேண்டாம். ஆனால் பின்னலூசிக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.