60-க்கு 54: 0.9-ஆ, 0.7-ஆ?

பில்லிங்பாபு: எங்க பில்லிங் ஆப்ல பதிவு பண்ணினவங்கள்ல ஒரு வாரத்துக்குள்ள முதல் பில் போடறவங்க 40 சதவீதம். அதை மூணு மாசத்துல 60 ஆக்கணும்னு எங்க டீம் ஓகேஆர், அதாவது ஒரு குறிக்கோளும் அதை அளக்கற எண்ணும், வெச்சோம். 54 வந்துச்சு. 54-ஐ 60-ஆல வகுத்தா 0.9. கூகுளே 1.0-க்கு 0.7 ஸ்கோர் வந்தா போதும்னு சொல்லுது. ஓகேஆர் வேலைக்கு ஆகாதுன்னு புலம்பறவங்களுக்குப் போடத் தெரியலை, அவ்வளவுதான்.

தராசு: 0.9 இல்லை, 0.7. அந்த 40 ஏற்கெனவே உங்க கையில இருந்தது. நகர வேண்டிய தூரம் 20, நகர்ந்தது 14.

```
(54 - 40) / (60 - 40) = 0.7
```

உங்க முறைப்படி மூணு மாசம் யாருமே வேலை செய்யாம இருந்தாலும் 40/60, அதாவது 0.67 வந்திருக்கும்.

பில்லிங்பாபு: இலக்கு 60, வந்தது 54. சின்னப் பையன்கூட 0.9-னு சொல்வான். சர்வர் 99.9 சதவீத நேரம் ஓடணும்னு வெச்சா, தொடக்கமும் 99.9தான். கழிச்சா கீழே பூஜ்யம். எங்கே, வகுத்துக் காட்டுங்க பார்ப்போம்!

தராசு: அது குறிக்கோளை நோக்கி நகர்ந்தோமான்னு அளக்கற கீ ரிசல்ட்டே இல்லை. கெடாம பார்த்துக்க வேண்டிய எண். டாஷ்போர்டுல தனியா வெச்சு, இறங்கினா அலாரம் அடிக்கணும். 0.7 போதும்ங்கறதும் எட்டாத உயரத்துக்கு வைக்கற இலக்குக்கு மட்டும்தான். முடிச்சே தருவோம்னு வாக்குக் கொடுத்ததுக்கு 1.0 வரணும். எது எந்த வகைன்னு காலாண்டு தொடங்கும்போதே எழுதிடணும். உங்க 60 எந்த வகை?

மல்லி_எச்ஆர்: எங்க ஆபீஸ்ல ஸ்கோரை இன்கிரிமென்ட்டோட கட்டிட்டாங்க. இப்ப எல்லாருக்கும் 1.0. எந்த ஃபார்முலா போட்டா சரியாகும்?

தராசு: எந்த ஃபார்முலாவும் ஆகாதுங்க. சம்பளம் அதுல தொங்கினா, 60 எட்டக்கூடியவர் 45-னுதான் எழுதுவார். முதல்ல அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லுங்க.

கோவைக்காரன்: பாபு, போன திரியில நீங்க போட்ட பட்டியல்ல 'பத்து வீடியோ வெளியிடறது'ன்னும் ஒரு கீ ரிசல்ட் இருந்துச்சே? அது வேலைப் பட்டியல். பத்தையும் போட்டு ஒருத்தரும் பார்க்கலைன்னாலும் 1.0 வந்துடும். பில் போடத் தெரியாம ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடறவங்க எத்தனை பேர் குறைஞ்சாங்கன்னு எண்ணுங்க.

பில்லிங்பாபு: பழைய திரியை இன்னும் மறக்கலையா நீங்க? கூகுள் கண்டுபிடிச்ச முறையை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

கோவைக்காரன்: கூகுள் கண்டுபிடிக்கலை. இன்டெல்ல ஆண்டி குரோவ் நடத்தினது. அங்கே வேலை பார்த்த ஜான் டோர் 1999-ல கூகுளுக்குக் கொண்டுபோனார்.

பில்லிங்பாபு: வரலாறு யார் கேட்டா? 0.7-ஓ 0.9-ஓ, ரெண்டும் பாஸ்.

தராசு: ரெண்டும் ஒண்ணு இல்லை. 0.9-னு நம்பினா அடுத்த காலாண்டுக்கு 62-னு எழுதுவீங்க. 0.7-னு பார்த்தா, மீதி 46 சதவீதம் பேர் எந்தத் திரையில நின்னுட்டாங்கன்னு தேடுவீங்க.

பில்லிங்பாபு: 62 இல்லை, 65 போடப் போறோம். 54/60 = 0.9. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

தராசு: 60 எந்த வகைன்னு இன்னும் சொல்லலை நீங்க.