குறளுக்குச் சாய்கோடா, தனி வரியா? அடி எண் எங்கே தொடங்க வேண்டும்?

முல்லைக்காடு:
சிற்றிதழ் ஒன்றுக்குச் சங்கப் பாடல் கட்டுரை எழுதுகிறேன். அவர்கள் இணையப் பக்கத்திலும் போடுவார்களாம். வாக்கியத்துக்கு நடுவே குறள் வந்தால் சாய்கோடு போட்டு ஓட்டிவிடலாமா, இரண்டு வரியாக இறக்க வேண்டுமா? முல்லைப்பாட்டின் 7 முதல் 11 வரையுள்ள அடிகளைத் தனியாகத் தருகிறேன். ஓரத்தில் 1 என்று தொடங்குவதா, 7 என்றா?

ஈற்றடி:
இதற்கு அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ கையேட்டில் (சட்டமன்றம் இல்லை!) தெளிவான விதி இருக்கிறது. மூன்று அடி வரை வாக்கியத்துக்குள்ளேயே, அடிக்கு அடி சாய்கோடு போட்டு எழுதலாம். மூன்றைத் தாண்டினால் தனியாக இறக்கி, இடப்பக்கம் அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் போட வேண்டும். குறள் இரண்டடிதானே, அது எப்போதும் உள்ளேதான். மூதுரையில் பாதி எடுத்தாலும் அப்படித்தான்: "என்று தருங்கொல் எனவேண்டா / நின்று தளரா வளர்தெங்கு".

அடி எண் 1 என்றே தொடங்குங்கள். வாசகர் கண்முன் இருப்பது ஐந்து அடிதான். அவர் அதைத்தான் எண்ணுவார்.

மெய்ப்பு மேசை:
மூன்றடிக் கணக்கு சரி. மற்ற இரண்டும் தவறு, ஈற்றடி. முதலில் மூதுரையைப் பார்ப்போம். அச்சில் அது இப்படி இருக்கும்:

> நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
> என்று தருங்கொல் எனவேண்டா - நின்று
> தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
> தலையாலே தான்தருத லால்.

"எனவேண்டா"வுக்குப் பின் வரும் சிறு கோட்டை அடி முடிவு என்று எடுத்துக்கொண்டீர்கள். அது தனிச்சொல்லைக் காட்டும் கோடு. "நின்று" இரண்டாம் அடியின் நான்காம் சீர். எண்ணிப் பாருங்கள்: என்று, தருங்கொல், எனவேண்டா, நின்று. எதுகையும் அதையே சொல்கிறது. நன்றி, என்று, நின்று மூன்றிலும் இரண்டாம் எழுத்து ன். ஆகவே வாக்கியத்துக்குள் எழுதும்போது "என்று தருங்கொல் எனவேண்டா - நின்று / தளரா வளர்தெங்கு" என்றுதான் வர வேண்டும். கோட்டை எடுத்துவிட்டு அங்கே சாய்கோடு போட்டால் இரண்டாம் அடி மூன்று சீராகக் குறைந்து, மூன்றாம் அடி ஐந்தாக வீங்கும். வெண்பாவில் ஐந்து சீர் அடி கண்ணில் பட்டாலே, யாரோ அடியை இடம் மாற்றி முறித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

சாய்கோட்டுக்கு இரு பக்கமும் இடம் விட வேண்டும். "ஆதி/பகவன்" என்று ஒட்டினால் 'ஆதி அல்லது பகவன்' என்று படிக்கிறார்கள். கோட்டுக்கு முன்னால் விடும் இடம் முறியாத இடமாக (`&nbsp;`) இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்தி மடங்கும்போது சாய்கோடு அடுத்த வரியின் தலையில் போய்த் தொங்கும்.

நாலுவரி:
சாய்கோடு என்பதே கவிதைக்குத் துரோகம். நான் எழுதுவது புதுக்கவிதை. ஒரு சொல்லை மட்டும் தனி வரியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வாக்கியத்துக்குள் நசுக்கினால் என்ன மிச்சம்? எதையும் தனியாக இறக்கிப் போடுங்கள் என்பதே என் கட்சி.

மெய்ப்பு மேசை:
புதுக்கவிதைக்கு உங்கள் கட்சியில் பாதி நியாயம் உண்டு. உள்தள்ளலும் வரியிடை வெறுமையும் பொருள் தரும் கவிதை என்றால் இரண்டு வரியானாலும் இறக்குவதே நல்லது. கண்ணிக்குக் கண்ணி விடும் இடைவெளியை மட்டும் வாக்கியத்துக்குள் இரட்டைச் சாய்கோட்டால் ( // ) காட்டலாம். உள்தள்ளலைக் காட்ட வழியே இல்லை.

ஆனால் கேட்டவர் கட்டுரையில் ஒவ்வொரு குறளையும் இறக்கினால் பக்கம் முழுக்க ஓட்டையாகிவிடும். என் வழக்கம் இது: குறளைப் பற்றியே பேசப் போகிறோம் என்றால் இறக்குவது, சான்றாகத் தொட்டுவிட்டுப் போகிறோம் என்றால் உள்ளே வைப்பது. அடியின் எண்ணிக்கையை விட அது செய்யும் வேலைதான் முக்கியம்.

முல்லைக்காடு:
அடி எண்ணுக்கு வருவோமா?

மெய்ப்பு மேசை:
7-தான். அடி எண் வாசகர் எண்ணுவதற்காக இல்லை, மூலத்தில் தேடுவதற்காக. முல்லைப்பாட்டு 103 அடி. நீங்கள் 1 என்று போட்டுவிட்டுக் கீழே "4-ஆம் அடியில் அலரி தூவுகிறார்கள்" என்று எழுதினால், பதிப்பைத் திறப்பவர் 4-ஆம் அடியில் கடல் பருகும் மேகத்தைப் பார்ப்பார்.

எல்லா அடிக்கும் எண் வேண்டாம். ஐந்தின் மடங்கு மட்டும் வலப்பக்க ஓரத்தில் வரட்டும். உங்கள் பகுதியில் ஒரே ஓர் எண்தான் வரும்:

```
அருங்கடி மூதூர் மருங்கிற் போகி
யாழிசை இனவண்டு ஆர்ப்ப நெல்லொடு
நாழி கொண்ட நறுவீ முல்லை
அரும்பவிழ் அலரி தூஉய்க் கைதொழுது     10
பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்ப
                    (முல்லைப். 7-11)
```

நூற்குறிப்பைக் கடைசி அடியோடு ஒட்டாமல் அடுத்த வரியில் வலப்பக்கம் தள்ளுங்கள். ஒட்டினால் அடியின் நீளம் மயங்கும்.

இன்னொன்று. 'நெல்லொடு' என்ற சொல்லில் மேற்கோளைத் தொடங்கினால், அது 8-ஆம் அடியின் கடைசிச் சீர். தனியாக இறக்கும்போது அதை இடது ஓரத்தில் வைக்கக் கூடாது. மூலத்தில் அது இருக்கும் இடத்துக்கு நேராக வலப்பக்கம் நகர்த்தி வையுங்கள். வாக்கியத்துக்குள் என்றால் "நெல்லொடு / நாழி கொண்ட நறுவீ முல்லை" என்றாலே போதும்.

ஈற்றடி:
தனிச்சொல் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். எண்ணில் இன்னும் சந்தேகம். எண்சீர் விருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் எட்டு வரி. மூலத்து எண் என்றால் எந்த எண்? எட்டா, நான்கா?

மெய்ப்பு மேசை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அடி நான்குதான். தாளில் அகலம் போதாததால் ஒவ்வோர் அடியையும் இரண்டாக மடித்து அச்சிடுகிறார்கள். சாய்கோடு போடுவதானால் அடியின் முடிவில் மட்டும், மடித்த இடத்தில் வேண்டாம். எங்கே அடி முடிகிறது என்று சந்தேகம் வந்தால் எதுகையைப் பாருங்கள், நான்கு அடியின் தொடக்கத்திலும் அது ஒத்துவரும். மடித்த அரையடியின் தொடக்கத்தில் பொதுவாக வராது. விருத்தத்துக்கு அடி எண்ணே போடாமல் பாடல் எண்ணோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அடி எண் உதவுவது பத்துப்பாட்டு, சிலம்பு மாதிரி நீண்டு ஓடும் அகவலுக்குத்தான்.

வலைப்பின்னல்:
இணையப் பக்கத்துக்கு என் பங்கு. எண்ணைக் கையால் தட்டினால் நகலெடுப்பவர் கையில் "கைதொழுது 10" என்று பாட்டோடு சேர்ந்தே போகும். சி.எஸ்.எஸ் எண்ணியை வைத்தால் போகாது. ஒவ்வோர் அடியையும் ஒரு `span`-க்குள் வைத்து:

```css
.pa { counter-reset: adi 6; padding-right: 3em; }
.pa span { display: block; position: relative;
  counter-increment: adi;
  padding-left: 2em; text-indent: -2em; }
.pa span:nth-child(5n+4)::after {
  content: counter(adi); position: absolute;
  top: 0; right: -3em; text-indent: 0; }
```

7-இல் தொடங்க வேண்டும் என்பதால் எண்ணி 6-இல் நிற்கிறது. 10-ஆம் அடி உங்கள் பகுதியில் நான்காவது, அதனால் `5n+4`. `text-indent` எதிர்மறையாக இருப்பது கைப்பேசிக்காக. சின்னத் திரையில் அடி மடங்கினால் மடங்கிய பகுதி உள்ளே தள்ளி நிற்கும், புது அடி என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

மெய்ப்பு மேசை:
வேர்டிலும் அதே சிக்கல் உண்டு. `Shift+Enter` போட்டு அடியை முறித்தால் வேர்டுக்கு மொத்தப் பாட்டும் ஒரே பத்தி. இருபக்கமும் சீராக்கும் அமைப்பு இருந்தால் குறுகிய அடியின் சீர்களை இழுத்து, நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுவிடும். தொங்கு உள்தள்ளலும் வேலை செய்யாது. முதல் அடி மட்டும் வெளியே நிற்க, மற்ற அடிகளும் மடங்கிய துண்டுகளும் ஒரே இடத்தில் நிற்கும். அடிக்கு ஒரு `Enter`, பத்தி இடைவெளி 0, இடப்பக்கச் சீராக்கல். இவ்வளவு போதும்.

முல்லைக்காடு:
12 முதல் 15 வரை விட்டுவிட்டு 16-ஐச் சேர்க்கலாமா? "இன்னே வருகுவர் தாயர்" வேண்டும்.

வலைப்பின்னல்:
அப்போது என் கணக்கு கெடும். எண்ணி 11-க்குப் பின் 12 என்றே எண்ணிக்கொண்டு போகும். பகுதியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்கு `counter-reset: adi 15` கொடுத்து, எண் வர வேண்டிய அடிக்குத் தனி வகுப்பு வையுங்கள். நடுவே ஒரு வரி புள்ளிகள்.

மெய்ப்பு மேசை:
அந்த இடத்தில் ஐந்தின் மடங்கு என்று பிடிவாதம் பிடிக்காமல், புள்ளி வரிக்குக் கீழுள்ள அடிக்கு 16 என்று போட்டுவிடுவேன்.

ஈற்றடி:
அது ஒழுங்கைக் குலைக்கிறது. நூற்குறிப்பில் "7-11, 16" என்று இருந்தாலே போதுமே.

மெய்ப்பு மேசை:
போதும்தான், விடுபட்ட இடம் ஒன்றே ஒன்று என்றால். மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள்.

நாலுவரி:
இவ்வளவு பேசினீர்கள், சந்தியைப் பிரிப்பதா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. குறுந்தொகை 40-இல் "யாரா கியரோ" என்று அச்சிட்டால் இந்தக் காலத்து வாசகருக்கு என்ன புரியும்? "யார் ஆகியரோ" என்று பிரித்துப் போடுங்கள்.

மெய்ப்பு மேசை:
பிரிக்கலாம், ஆனால் விலை உண்டு. அதே பாட்டின் நான்காம் அடி "செம்புலப் பெயனீர் போல". மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி அப்படித்தான் குறைந்து வரும். நீங்கள் "செம்புலப் பெயல் நீர் போல" என்று பிரித்ததும் கண்ணுக்கு நான்கு சீராகத் தெரிகிறது, அந்தக் குறைவு காணாமல் போகிறது. யாப்பைப் பற்றிப் பேசும் கட்டுரையில் அதைச் செய்ய மாட்டேன்.

நாலுவரி:
பொருளைப் பற்றிப் பேசும் கட்டுரையில்?

மெய்ப்பு மேசை:
பிரித்தே போடுங்கள். கட்டுரை முழுக்க ஒரே முறை இருக்கட்டும், முதல் மேற்கோளிலேயே "சொற்பிரிப்பு என்னுடையது" என்று ஒரு வரி சேருங்கள்.

ஈற்றடி:
பிரித்த வடிவத்துக்கு மூலப் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படி அச்சாகவே இல்லையே.

முல்லைக்காடு:
பக்க எண்ணை விட்டுவிட்டு அடி எண் மட்டும் தருகிறேன். முல்லைப்பாட்டைப் பதிப்பில் உள்ளபடியே, குறுந்தொகையைப் பிரித்து.

மெய்ப்பு மேசை:
ஒரே கட்டுரையில் இரண்டு முறையா? முல்லைக்காடு, இப்போதுதானே சொன்னேன்!