டெபுஸி ஹார்மனியை உடைச்சாரா, இல்ல வேற பேர்ல வெச்சிருந்தாரா?

கருப்புக்கட்டை: டெபுஸியோட பிரிலூட்ஸ் முதல் புக்ல ரெண்டாவது பீஸ் 'வ்வால்' கத்துக்கிட்டிருக்கேன். எங்கேயுமே கார்டு போய் வீடு சேர்ற ஃபீல் வரல. ஆனா கேக்க தாறுமாறாவும் இல்ல. அப்போ இதை எது கட்டி வெச்சிருக்கு?

ரோமன்நம்பர்: எதுவும் கட்டி வெக்கல, அதான் இம்ப்ரெஷனிசம். மூட் மியூசிக். ஹோல் டோன் ஸ்கேல்ல கைய எங்க வெச்சாலும் கனவு மாதிரி சவுண்ட் வரும், அவ்ளோதான் மேட்டர்.

மணிமேடை: பாதி சரி. எங்க வெச்சாலும் ஒரே மாதிரி கேக்கும்ங்கறது உண்மைதான், ஏன்னா அந்த ஸ்கேல்ல எல்லா படியும் ஒரே அளவு, அரைப்படியே கிடையாது. ஸியில ஆரம்பிச்சா ஸி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், பி ஃப்ளாட். பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்தும் இல்ல, மேல இழுக்கற லீடிங் டோனும் இல்ல. இதுல வீட்டுக்கு இழுக்கற வழக்கமான டாமினண்ட் கார்டு கட்டிப் பாருங்க, முழுசா கட்டவே முடியாது. ஆரம்பத்துல மேல இருந்து இறங்கற அந்த ஜோடி சுரங்க எல்லாம் மேஜர் தேர்ட், அளவு மாறாம அப்படியே சறுக்கும். ஸி மேஜர்ல இதையே பண்ணா சிலது மேஜர் சிலது மைனர்னு வந்து, எந்தப் படியில இருக்கோம்னு காதுக்கு தெரிஞ்சிடும். அந்த விலாசத்தை அழிச்சதுதான் இங்க நடந்த வேலை. சும்மா மூட் இல்ல.

ஆனா கட்டி வெக்க ஒண்ணு இருக்கு. அஞ்சாவது பார்ல இருந்து அடியில ஒரு பி ஃப்ளாட் திரும்பத் திரும்ப வருது பாருங்க, பீஸ் முழுக்க அதான் ஆணி.

ஸ்ருதிபெட்டி: அட இது நம்ம கோப்ரியா தானே! 62வது மேளம் ரிஷபப்ரியாவோட ஜன்யம், பஞ்சமம் வர்ஜம், அதே ஆறு ஸ்வரம். நான் கீபோர்டுல ஸ ட்ரோன் போட்டு அரைமணி நேரம் வாசிச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் வீடு தொலைஞ்ச மாதிரி இல்லயே. பி ஃப்ளாட்தான் ஸ, கேஸ் முடிஞ்சுது.

மணிமேடை: முடியல. ஸ்வரம் அதேதான், ஆனா நீங்க ஸ-வுல வந்து நிப்பீங்க. டெபுஸி கடைசியில ஸி-யும் ஈ-யும் சேர்ந்த தேர்டை அந்தரத்துல விட்டுட்டுப் போறார், அதுக்கு முன்னாடியே பி ஃப்ளாட் ஓஞ்சிடுது. ஸ-ன்னா அதுலதானே முடியணும்?

ஸ்ருதிபெட்டி: ராகம் பாடறவங்க எல்லாம் ஸ-வுலயா சார் முடிக்கறாங்க 🙂

ரோமன்நம்பர்: சரி, 42வது பார் என்ன சொல்றீங்க? திடீர்னு முழுக்க கருப்புக்கட்டை, பென்டடோனிக், சத்தம் ஏறுது, ஆறு பார் கழிச்சு திரும்ப ஹோல் டோன். டென்ஷன், ரிலீஸ், பழைய ஏ பி ஏ. ஒரு கார்டு இன்னொண்ணை இழுத்து வீடு சேர்க்கற ஃபங்ஷன் சாகல, சட்டை மாத்திருக்கு. 1894ல வந்த அவரோட ஆர்கெஸ்ட்ரா பீஸ் 'ஃபான்' பிரிலூட் கூட கடைசியில ஈ மேஜர்ல வந்து அமைதியா உக்காருதே.

மணிமேடை: ஃபான் பத்தி ஒத்துக்கறேன், அதுல நடுவுல டி ஃப்ளாட் பகுதி நல்லாவே பழைய மாதிரி நடக்கும். டெபுஸி எல்லா இடத்துலயும் ஃபங்ஷனை தூக்கி எறிஞ்சார்னு நான் சொல்லவே இல்ல. ஆனா வ்வால்ல அந்த திருப்பம் எப்படி நடக்குதுன்னு பாருங்க. ரெண்டு ஸ்கேலுக்கும் பொதுவா மூணு சுரம் இருக்கு, ஜி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். மத்ததை எடுத்துட்டு ஈ ஃப்ளாட்டும் டி ஃப்ளாட்டும் வெக்கறார், அவ்ளோதான், எந்த கார்டும் எந்த கார்டுக்கும் பதில் சொல்லல. விளக்கு நிறம் மாறுது, அறை அதே அறை. இதுக்கு எந்தக் கார்டு என்ன வேலை பண்ணுதுன்னு ரோமன் நம்பர் போடுங்க பாக்கலாம்.

ரோமன்நம்பர்: போட முடியலன்னா ஃபங்ஷன் இல்லன்னு அர்த்தமா? எனக்கு அந்த ஆறு பார் ஒரு வருகை மாதிரிதான் கேக்குது. காது பொய் சொல்லாது.

நோட்டுபுக்: நான் ஹார்மனி எக்ஸாம்ல பேரலல் ஃபிஃப்த் போட்டு மார்க் தொலைச்சவன், இந்தாளு பண்ணா கலையா??

மணிமேடை: ஹாஹா. உங்க பரீட்சையில நாலு குரல், நாலும் தனித்தனி ஆளா கேக்கணும், ஃபிஃப்த்ல சேர்ந்து ஓடினா ரெண்டு பேர் ஒருத்தர் ஆயிடுவாங்க. டெபுஸிக்கு வேண்டியதே அந்த ஒருத்தர்தான். அவரோட ஆர்கெஸ்ட்ரா பீஸ் 'நுவாஜ்'ல டாமினண்ட் நைன்த் கார்டுங்க வரிசையா உருவம் மாறாம சரிஞ்சு போகும். ஒவ்வொண்ணும் பழைய கணக்குல ரிசால்வ் ஆகணும், ஒண்ணுமே ஆகாது. அங்க கார்டுங்கறது ட்யூனோட தடிமன். உங்க பேப்பர்ல நாலு குரலுக்கு நடுவுல ஒரே ஒரு ஃபிஃப்த் நழுவிச்சுன்னா அது ஓட்டைதான், மார்க் போனது நியாயம்.

கருப்புக்கட்டை: எல்லாம் சரி, எனக்கு கால் பிரச்சனை. பி ஃப்ளாட் தொடர்ந்து கேக்கணும்னு பெடலை விடாம அமுக்கி வெச்சேன், ஹோல் டோன் பகுதியில ஓகே, 42ல சேறாயிடுது.

மணிமேடை: ஆகும். ஹோல் டோன்ல அரைப்படி இல்லாததால எவ்வளவு கலந்தாலும் பனிமூட்டமாதான் இருக்கும். ஆனா மிச்சம் இருக்கற ஸி, டி, ஈ மேல புது டி ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் வந்து விழுந்தா அரைப்படியா உரசும். 42க்கு முன்னாடி பெடலை முழுசா தூக்கிடுங்க, பயப்படாதீங்க, பி ஃப்ளாட் கையில திரும்ப வருது. 48ல திரும்பறப்பவும் அதே. நடுவுல பாதிப் பெடல்ல விளையாடலாம், அது உங்க பியானோவைப் பொறுத்தது.

ரோமன்நம்பர்: பாத்தீங்களா, பெடல் மாத்தற இடம்தான் செக்‌ஷன் மாறற இடம். வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி மாதிரி வர்ற கேடன்ஸ் இல்லன்னு சொல்லிட்டு காலால கேடன்ஸ் போடறீங்க.

மணிமேடை: அதை கேடன்ஸ்னு சொன்னா ஜன்னல் திறக்கறதையும் கேடன்ஸ்னு சொல்லலாம். நாளைக்கு வரேன், டியூஷன் இருக்கு.