கொழுந்து லொறி மேலே ஏறும்போது சாக்கில் என்ன இருந்தது?

நோர்வூட் வாசகன்:
சென்ற வாரம் இங்கே வந்த சிறுகதையில், ஹட்டனில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கல்லூரி மாணவி நோர்வூட் சந்தியில் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏறி, நிறைந்த கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் லயத்து வாசலில் போய் இறங்குகிறாள். இரவு ஏழரை மணிக்குக் கொழுந்து லொறி மலையேறும் தோட்டம் எங்கே இருக்கிறது? எழுதியவர் தோட்டத்தைப் பஸ் யன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

பழைய கணக்கப்பிள்ளை:
22 வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் என்பதால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஏழரை மணிக்கு லொறி மலையேறும் தோட்டங்களை நான் ஒன்றுக்கு மூன்றாகக் காட்டுவேன். அந்தி நிறுவை ஐந்து மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லொறி நிறுவை நடக்கும் ஒவ்வொரு மடுவமாக நின்று சாக்குகளை ஏற்றிக்கொண்டு தேயிலை செய்யும் ஸ்டோருக்கு இறங்க ஆறரை ஆகும். சாக்குகளை இறக்கி, மறுபடி நிறுத்து, கொழுந்தை வாட்டும் தட்டுகளில் கொட்டி, வெறும் சாக்குகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு புறப்பட ஏழு மணியைத் தாண்டிவிடும். அந்தச் சாக்குகள் மறுநாள் காலை நிறுவைக்கு மேலே இருந்தாக வேண்டும். ஆகவே லொறி மலையேறியே தீரும், அதில் ஒரு பிள்ளை ஏறி வீடு சேர்வதும் நடக்கும். நீங்கள் சொல்வதில் பாதி தவறு.

ஆனால் எழுதியவரும் தவறுதான். கொழுந்து பறிப்பது மலையில், ஸ்டோர் இருப்பது பெரும்பாலும் ரோட்டோரத்தில். லொறி சுமையோடு இறங்கும், வெறுமையாக ஏறும். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டியது மடித்துக் கட்டிய வெறும் சாக்குக் கட்டின் மேல்.

கண்டித் தமிழாசிரியர்:
கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சாக்கை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பஸ் போன பிறகு அந்தப் பிள்ளை தரிப்பிடத்தில் நிற்கும் இரண்டு பக்கங்களைப் படித்தீர்களா? கையில் மீதியிருக்கும் காசை எண்ணுகிறாள். ஆட்டோக்காரர் நோர்வூட் வரைக்கும் கேட்ட தொகையைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை வரை கல்லூரிக்கு வரக் காசில்லை. வீட்டுக்கு அழைக்கலாம் என்றால், அம்மாவின் கைப்பேசி லயத்தின் பின்பக்கத்தில் கொய்யா மரத்தடியில் நின்றால்தான் எடுபடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்கு மனம் கனத்துப் போயிற்று. சாக்கில் கொழுந்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பழைய கணக்கப்பிள்ளை:
ஆசிரியர் ஐயா, அந்த இரண்டு பக்கங்களும் நன்றாக வந்திருப்பதால்தான் அடுத்த பக்கம் எனக்கு உறுத்துகிறது. கொய்யா மரத்தடியைக் கண்ணால் பார்த்து எழுதியவர் லொறியை மட்டும் பார்க்காமல் எழுதியிருக்கிறார். எங்கள் சனம் படிக்கும்போது அந்த இடத்தில் கதையிலிருந்து வெளியே வந்துவிடும். கண்டியில் இருந்து படிப்பவருக்கு அது தெரியாமல் போகலாம்.

கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்வது எத்தகைய குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வலைச் சாக்கில் 12, 15 கிலோவுக்கு மேல் அமுக்கி அடைக்கவே விடமாட்டார்கள். கொழுந்து பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. காற்றில்லாமல் நெரிந்தால் சூடேறும், நசுங்கிய இடம் சிவந்துவிடும், அந்தச் சிவப்பு தேயிலையின் நிறத்திலும் சாயத்திலும் போய் நிற்கும். ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தேயிலை வருகிறது. கொழுந்து கெட்டிருந்தால் ஸ்டோர்க்காரர் முதலில் கேட்பது லொறிக்காரரைத்தான். எந்தச் சாரதி ஓர் ஆளைச் சாக்கின் மேல் உட்கார விடுவார்?

பண்டாரவளைப் பெண்:
இரவில் தனியாக ஒரு பெண்பிள்ளை லொறியில் ஏறலாமா என்பதைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் படிக்கிற காலத்தில் பண்டாரவளையில் பஸ்ஸை விட்டுவிட்டு, கோச்சியில் ஏறி இதல்கஸ்ஹின்னையில் இறங்கி, தண்டவாளத்தோடு நடந்து தோட்டத்துக்குப் போனேன். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே இருந்த கல் செருப்பைக் கிழித்துவிட்டது. அப்பா மண்ணெண்ணெய் விளக்கோடு எதிரே வந்தார். இந்தப் பிள்ளையும் ஹட்டனில் கோச்சி ஏறியிருக்கலாமே. ஹட்டனில் ஸ்டேசன் இல்லையா?

நோர்வூட் வாசகன்:
அக்கா, ஹட்டனில் ஸ்டேசன் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து கொட்டகலை, தலவாக்கலை என்று வேறு திசையில் போகிறது. அவள் வீடு டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவைப் பக்கம். அங்கே கோச்சி இல்லை. உங்கள் கதை வேறு, இந்தக் கதை வேறு.

கணக்கப்பிள்ளை ஐயாவே சொல்லிவிட்டார், கொழுந்தோடு லொறி ஏறாது என்று. நான் சொன்னதும் அதுதான்.

பழைய கணக்கப்பிள்ளை:
நீங்கள் சொன்னது அதுவல்ல. ஏழரை மணிக்கு லொறியே ஏறாது என்றீர்கள், மேலே எழுத்தில் இருக்கிறது. கதையில் ரோட்டோரக் கடைகளில் வெசாக் கூடு தொங்குவதாக வருகிறது, ஆகவே மாதம் மே. சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து கூடி வரும் காலம் அது. அந்த நாட்களில் மடுவத்தில் மிஞ்சிய சாக்குகளை எடுக்க லொறி இரண்டாம் முறையும் மலையேறும். எட்டு மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் சாக்கு எண்ணியிருக்கிறேன். அப்போதும் மேலே போகும் லொறி வெறுமையாகத்தான் போகும். இதை யாரும் மறுத்துக் காட்டட்டும்.

கண்டித் தமிழாசிரியர்:
போன மாதம் ‘லயம்’ என்று எழுதுவதா ‘லயன்’ என்று எழுதுவதா என்று மூன்று நாள் எல்லாரையும் கட்டி வைத்தவரும் நீங்கள்தான். அன்றைக்கு நான் காட்டிய நியாயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கதை எழுதுகிற இளம்பிள்ளைகள் இங்கே வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கணக்கப்பிள்ளை:
அன்றைக்கும் சனம் சொல்கிற வழக்கைத்தான் எடுத்துக் காட்டினேன், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். இளம்பிள்ளைகளுக்குப் பிழையைச் சொல்லாமல் விடுவது மரியாதை ஆகாது. அந்த ஒரு வரியில் ‘நிறைந்த’ என்பதை எடுத்துவிட்டு ‘வெறும்’ என்று போடட்டும், கதை நிமிர்ந்துவிடும்.

மேல்கணக்கு:
கதையை எழுதியவள் நான். நோர்வூட் வாசகன் அண்ணா பஸ் யன்னல் என்று எழுதியதால்தான் பதில் எழுதுகிறேன். நான் பிறந்தது அந்த மேல்கணக்கு லயத்தில். எங்கள் ஸ்டோர் மூடப்பட்டு, கூரைத் தகடுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக் கொழுந்து பொகவந்தலாவை ரோட்டில் மேலே இருக்கும் இன்னொரு தோட்டத்து ஸ்டோருக்குப் போகிறது. லொறி முதலில் நோர்வூட்டுக்குக் கிட்ட உள்ள கீழ்க்கணக்கில் சுமையை ஏற்றும், பிறகு ரோட்டோடு ஏறி எங்கள் மேல்கணக்கு மடுவத்தில் மீதியை ஏற்றும், அதன் பிறகுதான் ஸ்டோருக்குப் போகும். ஆகவே எங்களுக்கு லொறி சுமையோடுதான் மேலே ஏறுகிறது. ‘நிறைந்த’ என்ற சொல்லை நான் எடுக்கமாட்டேன்.

சாக்கின் மேல் உட்கார்ந்ததும் உண்மை. அன்றைக்கு மழை. முன்னால் சாரதியோடு இரண்டு பேர் இருந்தார்கள். நான் பின்னால் ஏறி, குளிருக்குக் கையைச் சாக்குகளுக்கு நடுவே நுழைத்தேன். உள்ளே அடுப்படிச் சாம்பல் போலச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில்தான் அவள் தூங்கிப்போனாள் என்று எழுதினேன். பாவாடையில் பட்ட கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

பண்டாரவளைப் பெண்:
தங்கச்சி, நல்லபடியாக வீடு சேர்ந்தாயே, அது போதும். சாரதி யார், தெரிந்தவரா?

நோர்வூட் வாசகன்:
தங்கச்சி, நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்று தெரியாமல் எழுதினேன். ஆனால் ஸ்டோர் மூடிய செய்தி கதையில் ஒரு வரிகூட இல்லையே. வாசகன் எப்படி அறிவான்? கதைக்குள் இல்லாததை இங்கே வந்து சொல்வது கணக்கில் சேராது. கதையில் உள்ளபடி அந்த லொறி ஏறாது.

கண்டித் தமிழாசிரியர்:
எழுதியவரே வந்து நடந்தது என்று சொன்ன பிறகும் நடக்காது என்கிறீர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பழைய கணக்கப்பிள்ளை:
பிள்ளை சொன்ன சூட்டைப் பற்றிப் பேச வேண்டும். சாக்குக்குள் கையை வைத்துச் சூட்டைச் சொன்னவர் கொழுந்தைத் தொட்டவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மத்தியான நிறுவையில் கட்டிய சாக்கு அந்திவரை அடுக்கில் கிடந்தால் வெளியே ஈரமாகவும் உள்ளே சூடாகவும் இருக்கும். நாங்களும் கையை விட்டுத்தான் பார்ப்போம். கை சுட்டால் அந்தச் சாக்கைத் தனியாக வைத்து முதலில் கொட்டச் சொல்வோம். ஆகவே அன்றைய கொழுந்து கெடத் தொடங்கியிருந்தது. தாமதமாகிப்போன லொறி அது. அப்படிப்பட்ட லொறிக்காரர் ஸ்டோரில் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் பறந்துகொண்டிருப்பார். அவர் நோர்வூட் சந்தியில் நிறுத்தியதற்கு ஒரு காரணம் வேண்டும். கதையில் கையைக் காட்டினாள், நிறுத்தினார் என்று ஒரே வரியில் போய்விடுகிறது.

இன்னொன்று. லொறி மேல்கணக்கில் கொழுந்து ஏற்றத்தான் வந்தது என்றால் அது நிற்க வேண்டியது மடுவத்தில். கதையில் அவள் லயத்து வாசலில் இறங்குகிறாள். மடுவத்திலிருந்து லயத்துக்கு இருட்டில் நடக்க வேண்டிய தூரம் எங்கே போயிற்று?

மேல்கணக்கு:
எங்கள் மடுவம் லயத்தை ஒட்டித்தான் இருக்கிறது ஐயா. நடுவில் ஒரு கான் மட்டும், அதன் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். சாரதி நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அவருடைய மகள் என்னோடு சாதாரண தரம் வரைக்கும் ஒரே வகுப்பில் படித்தவள், பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதைக் கதையில் எழுதியிருந்தேன், கூடிப்போயிற்று என்று எடுத்துவிட்டேன்.

பழைய கணக்கப்பிள்ளை:
எடுத்தது தவறு. அந்த மகளைத் திருப்பி உள்ளே கொண்டுவாருங்கள், மூடிய ஸ்டோரையும் லொறி கடந்து போகும்போது ஒரு வரியில் காட்டுங்கள். அதுவரைக்கும் என் பேச்சு மாறாது: வேறு எந்தத் தோட்டத்து வாசகர் படித்தாலும் மேலே ஏறும் லொறியில் வெறும் சாக்குதான்.

நோர்வூட் வாசகன்:
கீழ்க்கணக்கு நோர்வூட்டுக்குக் கிட்ட என்கிறார். பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்றால் லொறி சந்திக்கே வராது.

மேல்கணக்கு:
இந்தப் பக்கம் அண்ணா. ‘நிறைந்த’ அப்படியே இருக்கும்.