புதுப்பிப்பு: கடப்பிதழில் இனிஷியலை விரிக்கலாமா?

நான் கேட்டிருந்தது: "தம்பியின் மைகார்டு அடையாள அட்டையில் K. SELVAM A/L KANNAN என்று இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரே கட்டம்தான், குடும்பப் பெயருக்கு இடமே இல்லை. K-யை விரித்து எழுதலாமா?"

கூடாது. குடிநுழைவுத் துறையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் தெளிவாகச் சொன்னார்: பெயர் மைகார்டில் உள்ளபடியேதான் வரும். மாற்ற வேண்டுமென்றால் முதலில் தேசியப் பதிவுத் துறையில் மாற்றிவிட்டு வர வேண்டும். K என்பது கண்ணன்தானே, அந்தப் பெயர், மகன் என்பதைக் குறிக்கும் A/L-க்குப் பின்னால் முழுசாக நிற்கிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டோம். கடப்பிதழும் வந்துவிட்டது.

பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்து, எண், < குறி மட்டும்தான் வரும். புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் இடமில்லை. அவை அங்கே காணாமல் போனால் பிழை என்று பதற வேண்டாம்.

சென்னை அக்கா ஒருவர் இனிஷியலைக் கட்டாயம் விரிக்க வேண்டும் என்றார். இந்திய விண்ணப்பத்துக்கு அது சரி; அங்கே குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டமும் உண்டு. இன்னொருவர் தன் துபாய் விசா கதையைச் சொன்னார். ஒற்றைப் பெயரால் வந்த சிக்கல் அது, எங்களுடையது வேறு.

விமான டிக்கெட்டில் மட்டும் குழப்பம் தீரவில்லை. கடைசிப் பெயர் கட்டத்தில் KANNAN போதும் என்கிறார் ஒரு முகவர், முழுப் பெயரையும் போடச் சொல்கிறார் இன்னொருவர். பணம் கட்டுமுன் விமான நிறுவனத்திடமே கேட்கப் போகிறோம்.