பக்கத்து மனைப் பள்ளமும் நம் வீட்டுச் சுவரும்

கீழக்கரை, நம் தெரு குழு

நூர்ஜஹான் லாத்தா: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் படுக்கையறைச் சுவர் வெடித்ததைப் பலரும் வந்து பார்த்தீர்கள். மண் பொறியாளர் சரவணன் தம்பி எழுதித் தந்த கடிதத்தை அப்படியே கீழே இடுகிறேன். கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக அவரையும் குழுவில் சேர்த்திருக்கிறேன்.

“மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் வீடு 1998இல் நான்கடி ஆழக் கடைக்காலின் மேல் எழுப்பப்பட்டது. பக்கத்து மனையில் நிலத்தடித் தளத்துக்காக, உங்கள் சுவரிலிருந்து ஆறடி தள்ளி, பன்னிரண்டு அடிக்குப் பள்ளம் எடுத்திருக்கிறார்கள். நம் கடற்கரை மணலில் ஐந்தடியிலேயே ஊற்று நீர் வந்துவிடுவதால், இரவும் பகலும் மோட்டார் ஓட்டிப் பதின்மூன்றடி வரை நீரை இறக்கியுள்ளார்கள். நீரில் மூழ்கியிருக்கும் மணலின் எடையில் ஒரு பகுதியை அந்த நீரே தாங்கிக்கொண்டிருக்கும். நீர் எட்டடி இறங்கியதும் அந்தத் தாங்கல் போய், கீழுள்ள மணலின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன் சுமை புதிதாக ஏறியிருக்கிறது. வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கியிருந்தால் பெரிய சேதம் வந்திருக்காது. பள்ளத்தை ஒட்டிய பக்கம் மட்டும் அதிகமாக இறங்கியதே சுவரைக் கிழித்தது.

சன்னல் மூலையில் தொடங்கும் விரிசல் சாய்வாக, பக்கத்து மனை இருக்கும் திசையை நோக்கி மேலேறுவதைக் கவனியுங்கள். விரிசல் எந்தப் பக்கம் மேலேறுகிறதோ, அந்தப் பக்கத்துக் கடைக்கால் இறங்கியிருக்கிறது என்பது பொதுவான அடையாளம். வீட்டின் மறுகோடியில் ஒரு கோடுகூட இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மோட்டார்த் தண்ணீர் விழும் சாக்கடையில் மாவு போன்ற நுண்மணல் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருக்கிறது. நீரோடு மணலும் வெளியேறினால், அந்த இடம் உங்கள் கடைக்காலுக்கு அடியிலும் வெறுமையாகிக்கொண்டிருக்கலாம்.”

முருகேசன் மேஸ்திரி: பொறியாளர் ஐயாவுக்கு வணக்கம். எந்திரம் தோண்டிய அதிர்வில்தான் சுவர் வெடித்தது என்பது என் கருத்து. இன்று இரவே மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்.

பொறியாளர் சரவணன்: மேஸ்திரி, தளர்ந்த மணல் அதிர்வில் இறுகும் என்பதால் நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்திரம் போன பிறகும், மோட்டார் மட்டும் ஓடிய நாள்களில் விரிசல் அகன்றதாக அம்மா சொல்கிறார்கள். மோட்டாரைத் திடீரென நிறுத்துவதுதான் இப்போது ஆபத்து. பள்ளத்துக்குள் நீர் பொங்கி ஏறும்போது அடிமணலும் கொதிப்பதுபோல் கிளம்பும், பக்கச் சரிவு உள்ளே விழும். முதலில் மோட்டார்க் குழியைச் சுற்றி வடிகட்டும் துணியும் ஜல்லியும் போட்டு, மணல் வராமல் நீர் மட்டும் வரச் செய்ய வேண்டும். அம்மா வீட்டுப் பக்கச் சரிவின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். வெளியே விழும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தெளியவிட்டால், மணல் நின்றதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜமால் காக்கா: எங்கள் வீட்டு மாடியில் கம்பியை ஒட்டியே நீளமாக வெடித்துக் காரை உதிர்கிறது. எங்களுக்கும் அந்தப் பள்ளம்தான் காரணமா, தம்பி? நாங்களும் இழப்பீடு கேட்கலாமா?

பொறியாளர் சரவணன்: இல்லை, காக்கா. கம்பியின் போக்கிலேயே வெடிப்பு ஓடி, அதில் துருக்கறையும் தெரிந்தால், அது உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்துப் பருத்ததன் விளைவாகத்தான் இருக்கும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நூர்ஜஹான் லாத்தா: விரிசலை எப்போது அடைப்பது, தம்பி? பேரப்பிள்ளைகள் அந்த அறையில்தான் படுக்கிறார்கள்.

பொறியாளர் சரவணன்: பிள்ளைகளை மறுகோடி அறைக்கு மாற்றுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, அதில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். நிலத்தடித் தளத்தின் சுவர் எழுந்து, நீர் பழைய மட்டத்துக்குத் திரும்பி, கண்ணாடியும் பல வாரங்கள் உடையாமல் இருந்த பிறகே அடைக்க வேண்டும். இப்போது அடைத்தால் சாட்சியும் மறையும்.

செல்வி டீச்சர்: அந்த விரிசல் முன்பே இருந்தது என்று பக்கத்து மனைக்காரர் சொல்கிறாராம். தோண்டுவதற்கு முன் யாரும் படம் எடுத்து வைக்கவில்லையே?

நூர்ஜஹான் லாத்தா: சென்ற பெருநாளில் அதே சன்னலின் முன் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படம் இருக்கிறது. இடப்பக்க மூலை தெளிவாகத் தெரிகிறது, வலப்பக்க மூலையைத் திரைச்சீலை மறைத்திருக்கிறது.

பொறியாளர் சரவணன்: இடப்பக்கம்தான் பள்ளத்தை ஒட்டிய பக்கம் என்பதால் அந்தப் படம் உதவும். ஆயினும் எவ்வளவு பங்கு நீரிறக்கத்தால், எவ்வளவு மணல் கழிந்ததால் என்பதைக் கடைக்காலை ஒட்டி ஒரு சோதனைக் குழி எடுக்காமல் என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் குழியையும் சரிவுக்கு மூட்டை அடுக்கிய பிறகே எடுக்கலாம்.

செல்வி டீச்சர்: 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், கட்டடத்துக்குப் பக்கத்து நிலம் தரும் தாங்கலை இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருந்தால் அது உரிமையாகும் என்று இருக்கிறது. லாத்தா வீடு அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. ஆனாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.

முருகேசன் மேஸ்திரி: நாளைக் காலை ஏழு மணிக்கு மூட்டைகளோடு வருகிறேன். பக்கத்து மனைக்காரர் உள்ளே விடுவாரா என்பதை மட்டும் ஜமால் காக்கா இன்றே பேசிச் சொல்லிவிடுங்கள்.